ஹைதர் பாய் அறுபத்தொரு தடவை எழுதிய வாக்கியம்

ஹைதர் பாய் வாழ்நாளில் ஒரு செடிகூட வளர்த்ததில்லை. வீட்டுப் பால்கனியில் அவர் மனைவி காத்தூன் பீவி வைத்த கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னால், இரண்டு நாள் கழித்து ஞாபகம் வந்து, காய்ந்த குச்சிக்கு ஊற்றுவார். அப்படிப்பட்ட மனிதர் பயிர் இனவிருத்தியில் அறுபத்தொரு பேருக்கு முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் கிடைக்க வழி செய்தவர் என்றால் நம்ப மாட்டீர்கள். எனக்குத் தெரியும். அறுபத்தொன்றுக்கும் அட்டை போட்டவன் நான்தான்.

என் பெயர் வாசு. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் என் பைண்டிங் கடை இருக்கிறது. மேல்மாடியில் ஓர் அறையை ஹைதர் பாய்க்கு விட்டிருக்கிறேன். மாணவர்கள் மாடி ஏறி அழுதுகொண்டே டேட்டாவைக் கொடுப்பார்கள், அட்டவணைகளோடு சிரித்துக்கொண்டே இறங்குவார்கள், பிறகு என்னிடம் வந்து கறுப்பு அட்டையில் தங்க எழுத்து கேட்பார்கள். ஓர் ஆய்வேட்டை முழுதாகப் படிக்கிறவன் உலகத்தில் ஒருத்தன்தான், அவன் பைண்டர். பக்கம் மாறிப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய தலையெழுத்து அவனுக்கு. வழிகாட்டிப் பேராசிரியர் படிப்பதில்லை. எழுதியவன் சத்தியமாகப் படிப்பதில்லை.

அப்படிப் படித்துப் படித்து ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. வெண்டைக்காயோ நெல்லோ பயற்றங்காயோ மிளகாயோ, எல்லா ஆய்வேடும் ஒரே வாக்கியத்தில்தான் முடிந்தது. ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எனவே, மகசூலை உயர்த்துவதற்கான தேர்வில், செடிக்கு எத்தனை காய் என்ற பண்புக்கே முதலிடம் தரவேண்டும்." நெல்லாக இருந்தால் காய்க்குப் பதில் கதிர் வரும். ஒரு தடவை பாய் மாற்ற மறந்துவிட்டார். நெல் ஆய்வேட்டில் செடிக்கு எத்தனை காய் என்று அச்சாகிவிட்டது. மூன்று தேர்வாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள், பையன் பட்டம் வாங்கினான், இன்று எங்கோ அதிகாரியாக இருக்கிறான்.

"ஏன் பாய், எல்லாத்துக்கும் ஒரே முடிவுதானா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கல்யாணப் பத்திரிகையில எல்லாம் ஒரே மாதிரிதான போடுறாங்க? அதை எவனாவது கேக்கிறானா?" என்றார்.

அவருடைய வாப்பா கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மகன் கடையில் உட்காருவான் என்று எதிர்பார்த்தார். மகன் புள்ளியியல் படிக்கப் போனார். "புள்ளி வச்ச துணி தெரியும், இது என்னடா புள்ளியியல்?" என்று வாப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம். முதுநிலைப் படிப்பின் நடுவில் வழிகாட்டி வெளிநாடு போய்விட்டார். புது வழிகாட்டி தலைப்பை மாற்றச் சொன்னார். பாய் கோபித்துக்கொண்டு வந்தவர், திரும்பிப் போகவில்லை. பட்டம் வாங்காத மனிதர் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பட்டம் வாங்கிக் கொடுக்கிறார் என்று காத்தூன் பீவி வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவார்.

அவர் வேலையின் பெயர் பாத் அனாலிசிஸ், பாதைப் பகுப்பாய்வு. எனக்கு அவர் விளக்கியது இப்படி. ஒருத்தனுக்குக் கோயில் கமிட்டியில் பதவி கிடைத்தது. அவன் திறமைக்கும் பதவிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் அது ஒட்டுறவு, ஒரே ஓர் எண். அந்த எண்ணைப் பிரித்து, அவன் திறமையால் நேராக வந்தது எவ்வளவு, திறமைசாலி என்பதால் வாய்த்த மாமனார் வழியாகச் சுற்றி வந்தது எவ்வளவு என்று பார்த்தால் அது பாதைப் பகுப்பாய்வு. நேர் வழியில் வந்தது நேரடி விளைவு, சுற்று வழியில் வந்தது மறைமுக விளைவு. இரண்டையும் கூட்டினால் பழைய ஒட்டுறவே திரும்ப வரும்.

"மாமனாராலதான் பதவி வந்துச்சுன்னு அந்தக் கணக்கு நிரூபிக்குமா பாய்?"

"நிரூபிக்காது. படத்துல மாமனார்கிட்டருந்து பதவிக்கு அம்புக்குறி போட்டது நான். பதவி வந்ததாலதான் மாமனார் பொண்ணு குடுத்தாருன்னா, அம்பைத் திருப்பிப் போடணும். கணக்கு அம்பைப் பார்த்துக் கேள்வி கேக்காது, போட்ட அம்புக்கு எண் மட்டும் குடுக்கும்."

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த மனிதர்தான் அந்த வாக்கியத்தை அறுபத்தொரு தடவை எழுதினார். ஏன் எழுதினார் என்றால், அதை நம்பி எவனும் ஒரு செடியைப் பிடுங்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். பட்டம் வாங்கியவன் பேங்கில் சேருவான், இன்சூரன்ஸ் விற்பான். வாக்கியம் நூலகத்தில் தூங்கும். அதுவரை அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

போன மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை ஷாமினி வந்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மிளகாயில் முதுநிலைப் பட்டம் வாங்கிய பெண். ஸ்ரீ கெம்பாங்கானில் வாடகை அறையில் தங்கிப் படித்தவள். அவளுடைய ஆய்வேட்டுக்கும் பாய்தான் கணக்கு, நான்தான் அட்டை. இப்போது டெங்கில் பக்கம் ஒரு சின்ன விதைக் கம்பெனியில் இனவிருத்தியாளராக வேலை. மொத்தக் கம்பெனியிலும் இனவிருத்தி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கையில் முப்பது பக்க அறிக்கை, என்னிடம் கொடுத்து, "அங்கிள், ஸ்பைரல் போதும். சனிக்கிழமைக்குள்ள வேணும்" என்றாள்.

"என்னம்மா அவசரம்?"

"திங்கக்கிழமை டிராக்டர் வருது அங்கிள். boss பாதி நிலத்தை லோரி நிறுத்துறதுக்கு வாடகைக்கு விட்டுட்டாரு. இருபத்துநாலு மிளகாய் லைன், ரகம்னு வச்சுக்குங்க, வளர்க்கிறேன், ஆறுக்குத்தான் இனிமே இடம். மிச்சம் பதினெட்டையும் உழுதிருவாங்க."

"எந்த ஆறுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"ஆமா. செடிக்கு எத்தனை காய்னு பார்த்து டாப் சிக்ஸ். ஹைதர் அங்கிள் பண்ணிக் குடுத்த அதே பாத் அனாலிசிஸ்தான், நானே ஓட்டிப் பார்த்துட்டேன். அதே ரிசல்ட் லா!" என்று பெருமையாகச் சொன்னாள்.

நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அந்த வாக்கியம் அங்கே இருந்தது. ஆனால் இந்தத் தடவை அதற்குக் கீழே ஆறு ரகங்களின் எண்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே 'அழிக்க வேண்டியவை' என்று பதினெட்டு எண்கள். ஷாமினி போனதும் அறிக்கையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

"பாய், உங்க வாக்கியத்தை ஒருத்தி நம்பிட்டா."

பாய் முதலில் சிரித்தார். பிறகு கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, அட்டவணைப் பக்கத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். காய் எண்ணிக்கையின் நேரடி விளைவு 1.22, எடை வழியாகச் சுற்றி வந்தது மைனஸ் 0.55, மொத்தத்தில் மகசூலோடு ஒட்டுறவு 0.67. ஒரு காயின் எடைக்கு நேரடி விளைவு 0.91, எண்ணிக்கை வழியாக மைனஸ் 0.73, மொத்த ஒட்டுறவு வெறும் 0.18. விளக்கப்படாமல் மிஞ்சியது 0.13.

"ஒண்ணுக்கு மேல எப்படிப் போகும் பாய்? 1.22னு போட்டிருக்கே."

"நேரடி விளைவு போகலாம். ஒட்டுறவுதான் ஒண்ணைத் தாண்டாது. அது இல்ல பிரச்சனை. காயோட எடையை அவ எப்படி எடுத்தான்னு கேளு."

போன் போட்டோம். ஷாமினி சொன்னாள்: "செடியோட மொத்த மகசூலை நிறுத்து, காய் எண்ணிக்கையால வகுத்தேன் அங்கிள். எல்லாரும் அப்படித்தான பண்ணுவாங்க?"

பாய் தலையில் அடித்துக்கொண்டார், போனில் தெரியாதபடி மெதுவாக. வைத்த பிறகு என்னிடம் சொன்னார்: "பாரு வாசு. எண்ணிக்கையை ஒரு காயின் எடையால பெருக்கினா மகசூல். அது கணக்கு, கண்டுபிடிப்பு இல்ல. பாகத்தை வச்சு முழுசை விளக்கினா மிச்சம் என்ன இருக்கும்? 0.13 கொஞ்சமா இருக்குன்னு இவ பெருமைப்படுறா. கொஞ்சமா இல்லாட்டித்தான் ஆச்சரியம். அறுபத்தொரு பேரும் அதே பெருமைதான் பட்டாங்க, நானும் கூடச் சேர்ந்து பட்டேன்."

"அப்ப இது பொய்யா?"

"பொய் இல்ல. அந்த 0.18ஐப் பாரு. காய் எடை மகசூலுக்கு உதவாதுன்னு படிக்கிறவன் நினைப்பான். ஆனா நேர் வழியில 0.91 இருக்கு. எடை கூடின ரகத்துல எண்ணிக்கை குறையுது, அதனால சுற்று வழியில முக்கால்வாசி செத்துப் போகுது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கீழ இழுக்குது. அதைக் காட்டுறதுதான் இந்த அட்டவணையோட வேலை. அதுக்கு இது நல்ல கருவி. ஆனா எந்தச் செடியை வச்சுக்கணும்னு இது சொல்லவே இல்ல. நான்தான் சொன்னேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்தவர் அறிக்கைக்குள் இருந்த ஷாமினியின் மூல டேட்டாவை மறுபடி ஓட்டினார். ஒவ்வொரு ரகமும் மூன்று துண்டு நிலத்தில் இருந்ததால் ரகத்தால் வந்த வித்தியாசத்தையும் மண்ணால் வந்த வித்தியாசத்தையும் பிரிக்க முடிந்தது. எந்தப் பண்பு எவ்வளவு உறுதியாக அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று ஒரு மதிப்பீடு கிடைத்தது. எண்ணிக்கை 0.72, மகசூல் 0.48. பிறகு மகசூல் எடையை மட்டும் பார்த்து ஆறு ரகத்தைப் புதிதாகப் பட்டியலிட்டார். சாயங்காலம் கீழே இறங்கி வந்து, "நாளைக்கு வேன் இருக்கா?" என்று கேட்டார். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் வேன் கேட்டது அதுதான் முதல் தடவை.

டெங்கில் போகும் வழியெல்லாம் அவர் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ரேடியோவைப் போட்டேன், அவர் அணைத்தார். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி உள்ளே திரும்பியதும், "அவ என்னை செருப்பால அடிச்சாலும் நீ தடுக்காத" என்றார். "தடுக்க மாட்டேன் பாய். எனக்கும் ஒரு அடி பாக்கி இருக்கு" என்றேன்.

கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, வலை கட்டிய இரண்டு நெட் ஹவுஸ், அதற்கு அப்பால் நாலு ஏக்கர் நிலம். முதலாளி சுகுமாறன் தடிமனான மனிதர், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷாமினி அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஸ்பைரல் போட்ட அறிக்கையைக் கொடுத்தேன். சுகுமாறன் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். முதலாளிகள் எல்லாரும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள்.

"ஓகே. காய் எண்ணிக்கைக்கே முதலிடம். இவ வேலைக்குச் சேர்ந்தப்பவே இன்டர்வியூல சொன்னது இதுதான். எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு" என்றார்.

"boss, அதை நம்பாதீங்க" என்றார் பாய்.

"நீங்க யாரு?"

"அந்த வாக்கியத்தை எழுதினவன்."

ஷாமினி சிரித்தாள். கேலி என்று நினைத்துவிட்டாள். பாய் நின்றபடியே சொன்னார். பத்தொன்பது வருஷமாக இந்த வேலை செய்வதை, அறுபத்தொரு ஆய்வேட்டுக்கு இதே வாக்கியத்தைப் போட்டதை, பயிரின் பெயரை மட்டும் மாற்றியதை, ஒரு தடவை அதைக்கூட மாற்ற மறந்ததை. ஷாமினியின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவள் முகத்தை நான் பார்க்க விரும்பாமல் சுகுமாறனின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகுமாறன் அலட்டிக்கொள்ளவில்லை. "சரி, அப்ப காயை எண்ணணுமா வேணாமா? சுருக்கமா சொல்லுங்க."

"எண்ணுங்க. ஆனா நீங்க மகசூலையே நிறுத்து வச்சிருக்கீங்க. தராசு பக்கத்துல இருக்கும்போது விரலை விட்டு எண்ணி எடையை ஏன் யூகிக்கணும்?"

"அப்ப எண்ணிக்கைக்கு எப்பத்தான் வேலை?"

"காய் பழுக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும்னா வேலை இருக்கு. இல்ல, எண்ணிக்கை மகசூலைவிட உறுதியா அடுத்த தலைமுறைக்குப் போய், மகசூலோட மரபு வழியிலயும் நல்லா ஒட்டி இருந்தா வேலை இருக்கு. நேத்து கணக்குப் போட்டேன். இங்க உறுதி இருக்கு, ஒட்டு பத்தல. நேரா செடியோட மொத்த எடை பார்த்துப் பொறுக்கினா மகசூல்ல நூறு பங்கு முன்னேற்றம்னா, காய் எண்ணிப் பொறுக்கினா எண்பத்தாறு. அதோட காயும் சிறுத்துப் போகும். இதுவும் ஒரு சீசன், ஒரு நிலத்து டேட்டா. அடுத்த வருஷம் மழை வேற மாதிரி பேஞ்சா இந்த எண்ணும் மாறும். இருபத்துநாலு ரகத்தை வச்சு இதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"சிறுத்துப் போகும்" என்ற சொல் மட்டும் சுகுமாறன் காதில் விழுந்தது. "கிள்ளான் பாசார்ல மிளகாய் எடுக்கிறவன் போன வருஷமே சொன்னான், உங்க காய் பல்லு குத்துற குச்சி மாதிரி இருக்குன்னு. நான் உரம் பத்தலன்னு நினைச்சேன்." பிறகு பாய் கொண்டுவந்த புதுப் பட்டியலையும் அறிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரல் விட்டு ஒப்பிட்டார். "இருங்க, ஆறுல நாலு ரெண்டு லிஸ்ட்லயும் இருக்கு."

"ஆமா. ஒட்டுறவு 0.67 இருந்தா அப்படித்தான் இருக்கும்."

"ரெண்டே ரெண்டு மிளகாய்க்காகவா ரெண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸ்லருந்து வந்தீங்க?"

"ஆமா" என்றார் பாய்.

சுகுமாறன் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி லா. எடை பார்த்த ஆறையே வச்சுக்கலாம். எனக்கு என்ன, எந்த ஆறா இருந்தாலும் ஆறுதான்." அறிக்கையில் மூன்றாம் எண்ணையும் இருபத்திரண்டையும் அடித்துவிட்டு, ஒன்பதையும் பதினேழையும் எழுதினார். ஏழு வருஷத்து வாக்கியம் ஒரு பேனாக் கீறலில் போய்விட்டது. அவர் போனை எடுத்துக்கொண்டு லோரிக்காரனிடம் பேசப் போனார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. வந்த காரியம் முடிந்தது, போகும் வழியில் மீன் கறி சாப்பிடலாம் என்றுகூட நினைத்தேன். ஷாமினி நிலத்துக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். பாய் அவள் பின்னால் போனார், வேறு வழியில்லாமல் நானும் போனேன்.

"என் தீசிஸ் எத்தனாவது அங்கிள்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"முப்பத்தெட்டு."

"அந்த தீசிஸ்ல இருந்தது பதினஞ்சு ரகம். எல்லாம் பாலிபேக்ல மண்ணு போட்டு, நெட் ஹவுஸுக்குள்ள."

"தெரியும்மா. அந்தப் பதினஞ்சுக்கு, அந்த நெட் ஹவுஸுக்கு, அந்த எண் சரி. வேற செடிக்கு, வேற நிலத்துக்கு அதைத் தூக்கிட்டு வரக்கூடாது. அதை நான் எழுதியிருக்கணும்."

ஷாமினி நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. "நான் தூக்கிட்டு வந்தேன் அங்கிள். இங்க வந்து ரெண்டு நல்ல மிளகாயைக் கலந்தேன். ரெண்டாம் தலைமுறையில முன்னூறு செடி வந்துச்சு. ஒண்ணு ஒண்ணா எண்ணினேன். காய் அதிகமா இருந்ததை வச்சுக்கிட்டு, மிச்சத்தையெல்லாம் பிடுங்கிட்டேன். மூணாம் தலைமுறையில திரும்ப எண்ணினேன். நாலுல எண்ணினேன். அஞ்சுல எண்ணினேன். அஞ்சு வருஷம். இப்ப கையில இருக்கிறது எண்ணி எண்ணி மிஞ்சினது. நீங்க ரெண்டு லைனைக் காப்பாத்திட்டீங்க. சந்தோஷம்."

பாயின் முகம் அப்படிச் சாம்பலாகி நான் பார்த்ததில்லை, அவருடைய வாப்பா இறந்த அன்றுகூட.

"பழைய தலைமுறை விதை ஏதாச்சும்...?" என்று நான் கேட்டேன்.

"ஃப்ரிட்ஜ்ல இடம் இல்லன்னு ரெண்டு வருஷத்துக்கு மேல வைக்க boss விடமாட்டாரு."

அவள் ஒரு வரிசையின் முன்னால் நின்றாள். குச்சியில் பதினேழு என்று எழுதியிருந்தது. சுற்றியிருந்த செடிகளில் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. இதில் மட்டும் காய்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் நீளமாக, கனமாக, இரண்டு மடங்கு இருக்கும்.

"இது எப்படித் தப்பிச்சது?" என்றார் பாய் மெதுவாக. "நீ காய் எண்ணிப் பொறுக்கியிருந்தா இது முதல் சுற்றிலயே போயிருக்கணுமே."

ஷாமினி சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "ரெண்டாம் தலைமுறை எண்ணும்போது கடைசி வரிசையோட ஷீட் மழையில நனைஞ்சு கிழிஞ்சு போச்சு. திரும்ப எண்ண நேரம் இல்ல. அந்த வரிசையில கைக்கு வந்த ஒரு செடியிலருந்து விதை எடுத்துட்டேன். அதுக்கப்புறம் அதோட குடும்பத்துல எண்ணினாலும் எல்லாம் குறைவாத்தான் இருந்துச்சு, இருக்கிறதுல அதிகத்தை எடுத்துட்டேன். அதான் பதினேழு."

"அப்ப நாம எண்ணாம விட்ட ஒண்ணே ஒண்ணுதான் இதா?" என்று கேட்டது நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இதை வச்சு எண்ணாம விடுறதுதான் நல்லதுன்னு யாரும் ஒரு வாக்கியம் எழுதிறாதீங்க" என்று பாய் அவசரமாகச் சொன்னார். "ஒரு செடி, ஒரு அதிர்ஷ்டம். அதுக்கு மேல இதுக்கு அர்த்தம் இல்ல."

"தெரியும் அங்கிள்." ஷாமினி குனிந்து ஒரு காயைக் கையில் ஏந்திப் பார்த்தாள், பறிக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். பிடுங்கிப் போட்டதுல இந்த மாதிரி எத்தனை இருந்திருக்கும்?"

பாய் வழக்கம்போல் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். எடுத்தார். உள்ளங்கையில் என்னவோ எழுதப் போனவர் எழுதாமல் நிறுத்தினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த டேட்டாவைக் கொடுத்தாலும் ஏதாவது ஓர் எண் சொல்லிவிடும் மனிதர் அவர்.

"நீ எழுதி வச்சது எண்ணிக்கை மட்டும்தான். எடையை யாரும் போடலம்மா. எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சிரு" என்றார்.

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். கொட்டகையிலிருந்து நைலான் கயிற்றுக் கண்டும் நாலைந்து மூங்கில் குச்சியும் எடுத்துக்கொண்டு வந்து பாய் கையில் கொடுத்தாள்.

"பதினேழுல காய் கனம் தாங்காம கிளை முறியுது. நான் கட்டுறேன், நீங்க பிடிச்சுக்குங்க" என்றாள்.

பாய் மண்ணில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்தக் கிளையைத் தாங்கிக்கொண்டார். ஷாமினி ஒவ்வொரு முடிச்சாகப் போட்டாள். முப்பது செடி இருந்தது, முடிக்க மதியம் ஆகிவிட்டது. நடுவில் கை மாற்றிக்கொள்ளட்டுமா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம் என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார்.